சிறுபடத்தில் நின்ற வள்ளம்

கற்பிட்டிப் பக்கத்துக் கல்யாண வீடுகளில் பாதிக்குப் படம் எடுக்கிறவர் ஸியாத் நானாதான். அவருடைய ஸ்டூடியோவின் முன்கூடத்தில் கண்ணாடி அலுமாரியும் வாடிக்கையாளருக்கு இரண்டு கதிரையும் இருந்தன. திரைச்சீலைக்குப் பின்னால் இருந்த கணினி சுஜாந்தியுடையது. விஞ்ஞானப் பட்டம் முடித்துவிட்டு அரசாங்க வேலைக்குக் காத்திருந்தவள், காத்திருக்கிற நேரத்துக்கு என்று இங்கே வந்து சேர்ந்தாள். ஆளோடு முகம் கொடுத்துக் கதைக்கத் தேவையில்லாத வேலை என்பதே அவளுக்குப் பெரிய ஆறுதல்.

நானா படம் பிடித்துக்கொண்டு வந்து கமராவின் நினைவக அட்டையைக் கொடுப்பார். அவள் படங்களைக் கணினியில் இறக்கி, திருத்த வேண்டியதைத் திருத்தி, பிறகு ஒவ்வொன்றுக்கும் தபால்தலை அளவில் ஒரு சிறுபடம் செய்வாள். சிறுபடங்கள் இரண்டு இடத்துக்குப் போகும். ஒன்று, வாடிக்கையாளர் கடவுச்சொல் போட்டுப் பார்க்கிற இணையப் பக்கம். மற்றது கொன்டக்ட் ஷீட் என்று நானா சொல்கிற தாள். அதில் சிறுபடங்கள் வரிசை வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் கீழும் படத்தின் இலக்கமும் எடுத்த திகதியும் இருக்கும். வாடிக்கையாளர் பெரிய படத்தையெல்லாம் திறந்து பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். தாளைப் பார்த்து, இந்த இலக்கம், அந்த இலக்கம் என்று சொல்லிவிட்டுப் போவார்.

மாசி மாதம் கண்டக்குழிக் கடற்கரை விடுதியொன்றின் வேலை வந்தது. விடுதியின் முதலாளி கொழும்பில். இங்கே எல்லாம் பார்த்துக்கொண்டவன் றொபி. சுஜாந்தியின் கோயிற்பற்றுத்தான். அவளுக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவன், கோயில் திருநாளில் புனிதரின் சுருவம் தூக்குகிறவன். கறுப்புக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு கடைக்கு வந்தான்.

"நானா, படம் நல்லம். ஆனா வள்ளமும் வலையும் எல்லாத்துலயும் நிக்குது. அதை எடுக்கோணும்."

"கரையில வள்ளம் நிக்காம, பஸ்ஸா நிக்கும்?" என்றார் நானா.

"வெள்ளைக்காரன் காத்துக்கும் தண்ணிக்கும் வாறான், நானா. மீன் மணக்கிற படத்தைக் காட்டினா வருவானா? வெறுங்கரைதான் வேணும். சுஜாந்தி, உன்னால ஏலும்தானே?"

அவள் திரைச்சீலைக்குப் பின்னால் இருந்தபடியே, "ஓம்," என்றாள்.

ஓரத்தில் நின்ற வள்ளங்களை வெட்டி எறிவது லேசாக இருந்தது. நடுவில் நின்றவற்றுக்குத்தான் பாடு. பக்கத்து மணலை எடுத்து வள்ளத்தின் மேல் பூச வேண்டும். நிழலை மறக்கக்கூடாது, வள்ளத்தை இழுத்த தடத்தையும் மறக்கக்கூடாது. சுஜாந்தி எதையும் மறக்கிற ஆள் இல்லை. விடுதியின் தண்ணீர்த் தாங்கிமேல் ஏறி நின்று எடுத்த படமொன்றில் மீன்பிடிக்காரரின் வாடிக்கு முன்னால் ஒரு பச்சை வள்ளம் நின்றது, மூக்கில் மஞ்சள் கோடு. அந்தக் கோட்டை அடித்தது அவளுடைய தகப்பன் பஸ்தியான். மீந்த வர்ணத்தில் வீட்டு யன்னலுக்கும் அடித்திருந்தார்.

அவள் கொஞ்ச நேரம் கையை எடுத்து மடியில் வைத்திருந்தாள். படத்தில்தானே என்று நினைத்தாள். கரையில் வள்ளம் கிடந்த இடத்திலேயே கிடக்கப் போகிறது. மூக்கிலிருந்து தொடங்கி மணலைப் பூசினாள். நன்றாக வந்தது. வாடியின் கிடுகுக் கூரையையும் தாழை மரமாக்கினாள். நானா எட்டிப் பார்த்துவிட்டு, "அல்லாஹ்வே, புள்ள, நாளைக்கு என்னையும் இப்படி அழிச்சிருவாய் போல," என்றார்.

பிறகு சிறுபடங்கள். ஸ்டூடியோவின் கணினிக்கு வயது போய்விட்டது. நூற்றுக்கணக்கான பெரிய படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து சுருக்கச் சொன்னால் அது மூச்சு வாங்கும். ஆனால் மென்பொருளில் குறுக்குவழியொன்று இருந்தது. படக் கோப்புக்குள்ளேயே இருக்கிற சிறுபடத்தைப் பயன்படுத்து என்று ஒரு கட்டம். அதில் சரி போட்டால் வேலை தேநீர் குடித்து முடிவதற்குள் முடியும். கல்யாணப் படங்களுக்கு அவள் எப்போதும் அப்படித்தான் செய்தாள். அன்றைக்கும் சரி போட்டாள். இணையப் பக்கத்தை ஏற்றினாள். தாளை அச்சடித்து றொபிக்கு எடுத்து வைத்தாள்.

அடுத்த நாள் றொபி தாளை மேசையில் போட்டான்.

"என்ன நானா, பகிடியா? முழு வள்ளமும் திரும்பி வந்திட்டுது!"

நானா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு சிறுபடத்திலும் வள்ளங்கள் வரிசையாக நின்றன. றொபி கைபேசியில் இணையப் பக்கத்தைக் காட்டினான். சிறுபடத்தில் வள்ளம் இருந்தது. அதைத் தொட்டுப் பெரிதாகத் திறந்தால் வெறும் மணல். மூடினால் திரும்ப வள்ளம்.

"பேய் வள்ளம்," என்றான் றொபி. "முதலாளிக்கு இதைக் காட்டினா என்னைத்தான் தூக்கிக் கடல்ல போடுவார்."

சுஜாந்தி கோப்பொன்றைத் திறந்து பார்த்தாள். காரணம் விளங்க நெடுநேரம் எடுக்கவில்லை. படம் எடுக்கிற அதே கணத்தில் கமரா தானாகவே ஒரு குட்டிப் படத்தைச் செய்து கோப்புக்குள் வைத்துவிடும், தன் பின்பக்கத் திரையில் சட்டென்று காட்டுவதற்காக. அவள் திருத்தியது பெரிய படத்தை மட்டும். ஸ்டூடியோவின் பழைய மென்பொருள் உள்ளே கிடந்த குட்டிப் படத்தைத் தொடாமல் அப்படியே சேமித்திருந்தது. நன்றாகப் பார்த்திருந்தால் முதலே பிடிபட்டிருக்கும்: கமராவின் படம் நீளம், குட்டிப் படத்தின் சட்டம் அவ்வளவு நீளம் இல்லை, அதனால் மேலும் கீழும் மெல்லிய கறுப்புப் பட்டி விழுந்திருந்தது. வெட்டிய படங்களுக்கும் வெட்டாத சட்டம். கல்யாணப் படத்தில் நிறத்தை மட்டும் கொஞ்சம் தூக்குவாள். அதனால் இந்தப் பிழை ஒருநாளும் தலைகாட்டவில்லை.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்றாள் றொபியிடம். "அது பிழையான சிறுபடம். நான் திருப்பிச் செய்து தாறன்."

செய்தாள். கணினி ஒரு பகல் முழுவதும் முனகிக்கொண்டு, திருத்திய படங்களிலிருந்து புதுச் சிறுபடங்களைப் பெற்றுப் போட்டது. அதோடு விடவில்லை. ஒவ்வொரு கோப்புக்குள்ளும் கிடந்த பழைய குட்டிப் படத்தைத் தூக்கிவிட்டுப் புதியதை உள்ளே வைத்தாள். யாரும் கேட்காத வேலை. ஆனாலும் பிழையின் வேர் உள்ளே கிடப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை.

பழைய தாள் மிச்சம். ஸ்டூடியோவில் ஒரு முறை உண்டு. புதுத்தாள் அடித்தால் பழையதற்குச் சிவப்புப் பேனையால் மூலைக்கு மூலை கோடு இழுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வாடிக்கையாளர் பழைய தாளைப் பார்த்து இலக்கம் சொல்லி, ஒருவரின் கல்யாண அல்பத்தில் இன்னொருவரின் மாமி வந்து நிற்பார். அப்படி ஒருமுறை நடந்து அடிபிடி வரைக்கும் போனது. சுஜாந்தி கோடு இழுத்தாள். அது போதாதென்று, மேலே வடிவான கையெழுத்தில் எழுதினாள்: பிழை. பாவிக்க வேண்டாம்.

*

சோளகக் காற்று எழும்பியதும் கண்டக்குழி வள்ளங்கள் வழக்கம்போலக் களப்புப் பக்கம் போய்விட்டன. அந்தக் காற்றில் கடற்பக்கம் வள்ளம் விட முடியாது. திரும்ப வாடை தொடங்கத்தான் கரைக்கு வரும். கரை வெறுமையாகக் கிடந்த அந்த நாட்களில்தான் பஸ்தியானின் வாடிக் கதவில் பிரதேச செயலக ஆட்கள் ஓர் அறிவித்தலை ஒட்டிவிட்டுப் போனார்கள். விடுதிக்கு முன்னால் கிடக்கிற கரைத் துண்டைச் சுற்றுலாப் பாவனைக்குக் குத்தகைக்குத் தரும்படி விண்ணப்பம் வந்திருக்கிறது. தொழிலுக்குப் பாவிக்கப்படாத இடம் என்று சொல்லப்பட்டிருக்கிறது. ஆட்சேபணை இருந்தால் விசாரணைக்கு வரவும்.

பஸ்தியானும் மீனவர் சங்கத் தலைவரும் செயலகத்துக்குப் போய் விண்ணப்பத்தின் பிரதியை வாங்கிக்கொண்டு வந்தார்கள். பஸ்தியான் அதை வீட்டு மேசையில் விரித்தார். சுஜாந்தியின் தாய் றோசா குசினி வாசலில் நின்றபடி எட்டிப் பார்த்தாள்.

"கடைசித் தாளைப் பார் பிள்ளை. ஏதோ சின்னச் சின்னப் படம். மாசி மாசம் எண்டு போட்டிருக்கு. மாசியில எங்கட கரை இப்பிடியே கிடந்தது? எந்தக் கரையைப் பிடிச்சிருக்கிறாங்கள்?"

சுஜாந்தி தாளை எடுக்கவே தேவையிருக்கவில்லை. மேசைக்கு அப்பால் நின்றே தெரிந்தது. வரிசை அவளுடையது. கீழே இலக்கமும் திகதியும் போட்ட எழுத்துருவும் அவள் தெரிந்தெடுத்தது. மாசி மாதத்துத் திகதி, ஒவ்வொரு வெறுங்கரைக்கும் கீழே.

"அப்பா, அது எங்கட கரைதான்."

"பைத்தியமே? அப்ப என்ர வள்ளம் எங்க?"

அவள் தாளின் கீழிருந்த திகதியையே பார்த்தாள்.

"பிள்ளை. உன்ர கடையில எடுத்த படமா?"

"ஓம்."

"வள்ளத்தை எங்க வச்சனீ?"

சின்னப் பிள்ளையாய் இருக்கையில் அவருடைய கத்தியையோ தூண்டிலையோ எடுத்து விளையாடிவிட்டால் கேட்கிற அதே குரலில்தான் கேட்டார். அதுதான் அவளைக் கொன்றது.

"அழிச்சிட்டன், அப்பா. விளம்பரத்துக்கு எண்டுதான் சொன்னவங்கள்."

பஸ்தியான் ஏசவில்லை. தாளை மடித்தார். மடிப்பு சரியாக வராமல் திரும்பப் பிரித்து மடித்தார். "கோட்டை நான் ரெண்டு தரம் அடிச்சனான்," என்றார், யாருக்கோ சொல்வதுபோல. "ஒருக்கா அடிச்சது வெயிலுக்குப் போயிட்டுது எண்டு."

றோசாதான் வெடித்தாள். "படிப்பிச்சதுக்கு நல்ல பலன்! ஊரான் அழிச்சா அழிக்கட்டும், உன்ர கையே அழிக்கோணும்?"

*

"ஒரிஜினல் எங்க, நானா?" என்று மறுநாள் கேட்டாள். வாசலிலேயே கேட்டாள், திரைச்சீலைக்குப் பின்னால் போனால் கேட்கத் துணிவு வராது என்று தெரியும்.

ஸியாத் நானா தலையைச் சொறிந்தார். "எங்க புள்ள இரிக்கப் போகுது? வேலை முடிஞ்சா அட்டையை அழிச்சிட்டு அடுத்த கல்யாணத்துக்கு எடுத்துட்டுப் போறன். திருத்தினதை ஒரிஜினலுக்கு மேலதானே நீயும் சேமிச்சாய். டிஸ்கில இடமில்லாமத்தானே நான் அப்படிச் செய்யச் சொன்னது."

"கோப்புக்குள்ள குட்டிப் படம் இருந்தது."

"அப்ப அதை எடு."

"நான் மாத்திட்டன்."

"எல்லாத்தையும்?"

"எல்லாத்தையும்."

நானா சிரிக்க வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். வீதியை ஒருதரம் பார்த்தார். பிறகு அச்சு இயந்திரத்தின் கீழ்த்தட்டைக் காலால் தள்ளினார். பழைய தாள்களின் மறுபக்கத்தை ஸ்டூடியோவில் வீணாக்குவதில்லை. மை ஓடுகிறதா என்று பார்க்க வைத்திருப்பார்கள். அந்தக் கட்டுக்குள் சிவப்புக் கோடு போட்ட தாள் கிடந்தது, மறுபக்கத்தில் யாரோ ஒருவரின் கடவுச்சீட்டுப் படத்தின் பாதியோடு.

"நான் காணல்ல," என்றார் நானா. "நீ எடுக்கவுமில்ல. எனக்கும் புள்ளைகள் இரிக்கிது, சுஜாந்தி. அந்த விடுதி இல்லாட்டி நோன்பு மாசத்துல எனக்கு வேலையே இல்ல. ஒருக்கா ஒரு ஊரை விட்டு வெறுங்கையோட வந்தவங்க நாங்க. இன்னொருக்கா ஏலாது."

தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து வந்த குடும்பம் அவருடையது. அதை அவர் அதற்கு முன் ஒருநாளும் வாயெடுத்துச் சொன்னதில்லை. அவள் தாளை மடிக்காமல் பைக்குள் வைத்தாள்.

*

விசாரித்தது நடுத்தர வயதுப் பெண் அதிகாரி. நல்ல தமிழ் பேசினார், யாரையும் அதட்டவில்லை. மேசையின் ஒரு பக்கம் றொபி, கறுப்புக் கண்ணாடி இல்லாமல், தலையைப் படிய வாரிக்கொண்டு. மறுபக்கம் பஸ்தியான், சங்கத் தலைவர், சுஜாந்தி.

"நான் போய்ப் பார்த்தனான்," என்றார் அதிகாரி. "கரையில ஒரு வள்ளமும் இல்லை."

"சோளகத்தில ஆர் மிஸ் அங்க வள்ளம் விடுவான்?" என்றார் பஸ்தியான். "வாடையில வந்து பாருங்கோ. நடக்க இடம் இருக்காது."

"நீங்க அப்பிடிச் சொல்லுவீங்க எண்டு தெரியும். அதுக்குத்தான் மாசிப் படம் வச்சிருக்கிறாங்க." வெறுங்கரைத் தாளை விரலால் தட்டினார். "உங்களிட்ட ஏதும் படம் இருக்கா?"

சங்கத் தலைவர் திருநாளில் சோடித்த வள்ளங்களின் படத்தை நீட்டினார். மாலையும் கொடியும் தெரிந்தன. கரை தெரியவில்லை, திகதியும் இல்லை. தொழிலுக்குப் போகிறவன் தன் வள்ளத்தைப் போட்டோ பிடித்து வைக்கிற வழக்கம் எங்கே இருக்கிறது?

சுஜாந்தி எழுந்தாள். முழங்கால் மேசையில் இடித்தது. பையிலிருந்து தாளை எடுத்து வைத்தாள்.

"மிஸ், இது அதே படங்கள்தான். அதே இலக்கம், அதே திகதி. இது முதல் அடிச்சது. அதில இருக்கிற வள்ளங்களைப் பிறகு நான்தான் அழிச்சனான்."

அதிகாரி இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நேர்மையாகத்தான் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

"பிழை, பாவிக்க வேண்டாம் எண்டு எழுதியிருக்கே. ஆர் எழுதினது?"

"நான்."

"சிவப்புக் கோடு?"

"அதுவும் நான்தான்."

"அப்ப எது சரி, எது பிழை?"

சுஜாந்தி விளங்கப்படுத்தினாள். கமரா தானே செய்கிற குட்டிப் படம், பெரிய படத்தைத் திருத்தினாலும் அது மாறாமல் கிடப்பது, மேலும் கீழும் கறுப்புப் பட்டி. ஒவ்வொன்றும் உண்மை. ஆனால் குரல் வழியிலேயே இறங்கிக்கொண்டு போனது. பாதிக்கு மேல் அதிகாரி முன்னால் குனிந்துதான் கேட்டார்.

"அந்தக் குட்டிப் படம் இருக்கிற கோப்பைத் தரலாமா?"

"அதையும் நான் மாத்திட்டன்."

"என்னத்துக்கு?"

"பிழை எண்டு... அப்ப அது பிழை."

றொபி மரியாதையாக வாயைத் திறந்தான். "மிஸ், தங்கச்சியைப் பிழை சொல்ல ஏலாது. வேலையில கெட்டிக்காரி. அண்டைக்கு இந்தத் தாள் வந்த உடன நான் கேக்க, 'மன்னிச்சுக்கொள்ளுங்கோ, அது பிழையான சிறுபடம்' எண்டு இவவே சொன்னவ. கடைக்காரரையும் கேக்கலாம். இப்ப அப்பாவுக்காகக் கதைக்கிறா. ஆரெண்டாலும் அப்பிடித்தான்."

"இவர் உங்கட அப்பாவா?" என்றார் அதிகாரி.

"ஓம்."

அதிகாரி பேனையை மூடினார். அவ்வளவுதான். இரக்கத்தோடுதான் மூடினார்.

பஸ்தியான் நாற்காலியிலிருந்து எட்டித் தாளைத் தன் பக்கம் இழுத்தார். சிவப்புக் கோடு குறுக்கே ஓடிய வரிசையில் ஒரு சிறுபடத்தின் மேல் விரலை வைத்தார். விரல் அந்தப் படத்தை முழுதாக மூடிவிட்டது. எடுத்து, நகத்தால் காட்டினார்.

"இதுதான் என்ர வள்ளம், மிஸ். மூக்கில மஞ்சள் கோடு. பின்னால கிடக்கிறது இன்னாசிப்பிள்ளையின்ர வலை. இது எங்கட வாடி."

அதிகாரி தாளை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். நெடுநேரம் பார்த்தார்.

"ஐயா, எனக்கு ஒரு பச்சைப் புள்ளிதான் தெரியுது."

*

கரைத் துண்டு விடுதிக்குப் போனது. வாடை தொடங்கி வள்ளங்கள் திரும்பியபோது அங்கே கயிறு கட்டி, ஓலைக் குடை நட்டிருந்தார்கள். பஸ்தியான் வடக்கே, கல்லுக் கிடக்கிற பக்கம் வள்ளத்தை ஏற்றப் பழகினார். அடிப்பகுதி தேய்ந்தது.  வீட்டில் மகளோடு வள்ளத்தைத் தவிர வேறு எல்லாம் கதைத்தார்.

வேலையை விட்டுவிடுவாள் என்று றோசா நினைத்தாள். நானா நிறுத்திவிடுவார் என்று சுஜாந்தி நினைத்தாள். இரண்டும் நடக்கவில்லை. அரசாங்க வேலைக் கடிதம் வரவில்லை. நானா அவளைப் பார்க்கும்போது கண்ணை வேறு பக்கம் திருப்பினார். ஆனால் திரைச்சீலைக்குப் பின்னால் இருந்த கதிரைக்குப் புது மெத்தை வாங்கிப் போட்டார்.

அடுத்த மாசியில் றொபி திரும்ப வந்தான்.

"புதுப் படம் வேணும் நானா. சுஜாந்தியே செய்யட்டும். இவவின்ர வேலை சுத்தம்."

நானா எடுத்துக்கொண்டு வந்த அட்டையை அவள் கணினியில் இறக்கினாள். அதே தண்ணீர்த் தாங்கி, அதே கோணம். மணல், குடைகள், வெள்ளைக்காரர் பிடித்துக்கொண்டு தண்ணீரில் சறுக்குகிற, காற்றில் வளைந்த வர்ணப் பட்டங்கள். ஒவ்வொன்றாகத் திறந்து ஓரங்களைப் பார்த்தாள், நடுவைப் பார்த்தாள். வெட்ட ஒன்றுமில்லை. பூச ஒன்றுமில்லை. வாடி நின்ற இடத்தில் உண்மையிலேயே ஒரு தாழை நட்டிருந்தார்கள்.

சிறுபடம் செய்கிற இடத்துக்கு வந்ததும் மென்பொருள் வழக்கம்போலக் கேட்டது. கோப்புக்குள்ளேயே இருக்கிற சிறுபடத்தைப் பயன்படுத்தவா?

இந்தமுறை பிழை வர வழியே இல்லை. உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் ஒன்றுதான். அவள் கட்டத்தில் சரி போட்டாள். தேநீர் ஆறுவதற்கு முன்னமே தாள் அச்சாகி வந்துவிட்டது.